நான் நீக்கிய நான்கு வரிகள்

முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்ள நான் ஆறு வாரம் விடுப்பில் போக வேண்டியிருந்தது. அந்த ஆறு வாரமும் என் இடத்தில் இருந்து வேலையைப் பார்க்கிறேன் என்று என் குழுவில் ஒருவர் தாமாகவே முன்வந்தார். தன்னால் எது முடியும், எது முடியாது என்று தெளிவாக எழுதியும் கொடுத்தார். முடியும் என்று எழுதியதை மேலே அனுப்பிவிட்டு, முடியாது என்று எழுதியதை நான் எடுத்துவிட்டேன். அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போகச் சொல்லலாம் என்று வைத்தால் நடுவில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள நாலு இடம் கிடைத்துவிடும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

மத்திய அரசில் முப்பத்தாறு வருடம் ஓய்வூதியப் பிரிவுகளிலேயே இருந்தவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு, தில்லியில் முனிர்கா பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த உதவி மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வூதியர்கள் தொலைபேசியில் குறை சொல்வார்கள். அதைப் பதிந்து, வங்கிக்கோ கணக்கு அலுவலகத்துக்கோ அனுப்பி, பதில் வாங்கித் தர வேண்டும். ஒரு தனியார் நிறுவனம் ஓர் அரசுத் துறைக்காக இதை நடத்தியது. எங்கள் குழுவில் ஒன்பது பேர். நான் அவர்களுக்கு மேலாளர். எனக்கு மேலே மையத்தின் தலைவர். நாற்பது வயதுக்காரர், தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் அவரை ஹெட் என்போம். அவர் என்னை ‘சார்ஜி’ என்பார்.

முன்வந்த பெண் திருநெல்வேலிக்காரர். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். கணவர் ராணுவக் கணக்குத் துறையில் குமாஸ்தா. கிட்வாய் நகர் குடியிருப்பில் வீடு. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் மையத்தில் நான்கு வருடமாக இருந்தார். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் குறையைக் கேட்டுப் பதிவார். கேட்கும்போது குறுக்கே பேச மாட்டார். எண்பது வயதுக் கிழவர் பேத்தியின் கல்யாணத்தில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஓய்வூதிய எண்ணுக்கு வந்து சேரும்வரை காத்திருப்பார்.

அக்டோபரில் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். நவம்பர் முதல் வாரம் எனக்கு அறுவை சிகிச்சை. டிசம்பர் நடுவில்தான் திரும்புவேன். இடைப்பட்ட நாளில் யாராவது குழுவின் பொறுப்புத் தலைவராக இருக்க வேண்டும். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நவம்பர் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறேன் என்று ஓய்வூதியர்கள் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. காலை ஒன்பதுக்கு அடிக்க ஆரம்பிக்கும் போன் ராத்திரி எட்டுக்குத்தான் ஓயும்.

“நான் பாத்துக்கிடுதேன் சார்,” என்றார் அவர். “ஆனா எழுதித் தாரேன்.”

“எதைம்மா?”

“எதெல்லாம் செய்வேன், எதெல்லாம் செய்ய மாட்டேன்னு. வாய்ல சொன்னா நாளைக்கு நீங்களும் மறந்துருவீய, நானும் மறந்துருவேன்.”

மாலை ஷிப்டில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் சிரித்தார். எங்கள் இருவருக்கும் இடையில் நடப்பது என்னவென்று புரியாமலே, “க்யா போலீ?” என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். “சார், இவங்க கல்யாணத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் லிஸ்ட் குடுத்திருப்பாங்க,” என்றார் இந்தியில்.

“குடுத்தேனே பையா. அதனாலதான் பன்னிரண்டு வருஷமா ஓடுது,” என்றார் இவர், அதே இந்தியில். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து சிரித்தார்கள்.

அன்று பிற்பகலே எனக்கு மின்னஞ்சல் வந்தது. நல்ல மின்னஞ்சல். முதல் பாதியில், ஆறு வாரம் பொறுப்புத் தலைவராக இருக்கத் தயார் என்றும், ஷிப்ட் அட்டவணை போடுவது, காலைக் கூட்டம் நடத்துவது, தினசரி அறிக்கை அனுப்புவது, தாமதமான குறைகளுக்கு வங்கிகளை விரட்டுவது ஆகியவற்றைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். போன வருடம் நான் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தபோது அட்டவணையைப் பார்த்துக்கொண்டதைச் சான்றாகக் காட்டியிருந்தார்.

அதன் கீழே நான்கு வரிகள். ஒன்று, ஆறு மணிக்கு மேல் அலுவலகத்தில் இருக்க முடியாது; மாலை ஷிப்டுக்கு வேறு ஒருவர் பொறுப்பாக வேண்டும். இரண்டு, உடன் வேலை செய்பவர்களுக்கு ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் போட மாட்டேன். மூன்று, ஓய்வூதிய விதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய குறைகளை முடித்துவைக்க எனக்குப் பயிற்சி இல்லை. அவற்றை மேலாளருக்கோ ஹெட்டுக்கோ அனுப்புவேன். நான்கு, மேலாளர் திரும்பும் நாளோடு இந்தப் பொறுப்பு முடியும். நீட்டிப்பதென்றால் என்னிடம் மறுபடியும் கேட்க வேண்டும்.

மூன்றாவது வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு குறைக்கு வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கணவர் இறந்த ஒரு அம்மாள், தனக்குக் குடும்ப ஓய்வூதியம் குறைவாக வருகிறது என்கிறார். ‘உத்தரவுப்படி கொடுக்கிறோம்’ என்று வங்கி பதில் எழுதுகிறது. அந்த உத்தரவே பழையதாக இருந்தால்? திருத்திய உத்தரவு வங்கிக்குப் போய்ச் சேராமல் இருந்தால்? உத்தரவையும் விதியையும் எடுத்து வைத்துப் பார்த்துத்தான் குறையை முடிக்கலாமா கூடாதா என்று சொல்ல முடியும். அவசரப்பட்டு முடித்தால், ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று அந்த அம்மாளின் போனுக்குச் செய்தி போய்விடும். அவர் மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். நிற்காமலும் விட்டுவிடலாம்; பலர் அப்படி விட்டுவிடுவார்கள்.

இந்தக் குறைகளை எங்கள் மையத்தில் முடித்துவைத்தவன் நான் ஒருவன்தான்.

அவருடைய மின்னஞ்சலின் முதல் பாதியை எடுத்து என் மின்னஞ்சலில் ஒட்டினேன். ‘மிகவும் தகுதியானவர், முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்’ என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். நான்கு வரிகளை விட்டுவிட்டேன். ஹெட்டுக்கு அனுப்பினேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அழகானது. பீகார்க்காரரைப் போடலாம் என்று ஹெட் நினைத்திருந்தது எனக்குத் தெரியும். ‘முடியாது, முடியாது’ என்று நான்கு தடவை எழுதி அனுப்பினால் இந்தப் பெண்ணுக்கு வாய்ப்புப் போய்விடும். நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி மேலே வரட்டுமே என்று நினைத்தேன். முப்பத்தாறு வருட அரசாங்கப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. கீழேயிருந்து வரும் குறிப்பை அப்படியே மேலே அனுப்பும் அதிகாரியை நாங்கள் தபால்காரன் என்போம். வெட்ட வேண்டியதை வெட்டித்தான் கோப்பு மேலே போகும். மறுப்பதற்கு ஒரு பிடி கிடைக்கும் எந்தப் பத்தியும் குறிப்பில் இருக்கக் கூடாது.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் அந்த வரிகளை நீக்கியதற்குக் காரணம் இவை இல்லை.

குழுவில் இரண்டு பேருக்காவது அந்த விதி வேலையைச் சொல்லிக்கொடுங்கள் என்று ஹெட் என்னிடம் ஏப்ரலிலேயே கேட்டிருந்தார். செய்கிறேன் என்றேன். பயிற்சிக் குறிப்பு தயாராகிறது என்று இரண்டு முறை அறிக்கையிலும் எழுதினேன். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எனக்கு மட்டுமே தெரிந்த வேலை ஒன்று இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வருடமும் என் ஒப்பந்தம் நீண்டதற்கு அதுதான் காரணம் என்று நம்பினேன். ‘எனக்குப் பயிற்சி இல்லை’ என்ற அந்த ஒரு வரியை ஹெட் படித்தால், ஏன் இல்லை என்று என்னைத்தான் கேட்பார். அதனால் நீக்கினேன். ஒரு வரியை மட்டும் நீக்கினால் உறுத்தும் என்று நான்கையும் நீக்கினேன்.

ஹெட் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குப் பொறுப்புத் தலைவர் உரிமைகளைக் கணினியில் திறந்துவிட்டார்கள். குறைகளை முடித்துவைக்கும் உரிமையும் அதில் இருந்தது. “எல்லாம் அப்படியே ஹெட்டுக்குப் போயிட்டுல்லா சார்?” என்று அவர் கேட்டார். “போச்சும்மா,” என்றேன். அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. லக்ஷ்மிபாய் நகரில் என் மகனுக்கு ஒதுக்கிய அரசுக் குடியிருப்பில், ஜன்னலோரக் கட்டிலில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். பிசியோதெரபிப் பெண் காலையில் வந்து முழங்காலை மடக்கி என்னை அலற வைத்துவிட்டுப் போவார். தினசரி அறிக்கை தவறாமல் ஐந்தரைக்கு என் போனுக்கும் வரும். நறுக்கென்று இருக்கும். விதிக் குறைகள் இத்தனை, மேலாளருக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்று கடைசி வரி. அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதைப் படித்தேன். ஒன்றும் செய்யவில்லை. கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஹெட் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை துறைக்காரர்கள் வந்து ஆய்வு செய்யப்போகிறார்கள். நாற்பத்துச் சொச்சம் குறைகள் தேங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் வங்கியிலிருந்து பதில் வந்திருக்கிறது. முடித்துவிடு என்றால் அந்தப் பெண் மாட்டேன் என்கிறாள். ஆறு மணியானால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

“எழுதிக் கொடுத்திருக்கேன்னு சொல்றாங்க சார்ஜி. நான் உங்க மெயிலை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒண்ணும் இல்லையே? அதை எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டினேன். வேலை வந்த அன்னைக்குத்தான் உங்களுக்கு எல்லை ஞாபகம் வருதான்னு கேட்டேன். உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

ஒரு நொடிதான் இருந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்.

“வாய்மொழியா ஏதோ சொன்ன மாதிரி இருக்கு... சரியா ஞாபகமில்லை. மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கேன், தலையே கிறுகிறுன்னு இருக்கு,” என்றேன்.

“அச்சா, ரெஸ்ட் எடுங்க. பொறுப்பை மாத்திடலாம்னு பார்க்கிறேன். ஜனவரியில அவங்க ஒப்பந்தமும் புதுப்பிக்க வருது, அப்போ யோசிப்போம்,” என்றார்.

போனை வைத்தேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு கட்டிலுக்கு எதிரே என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“முட்டியத்தான மாத்துனாங்க? நாக்கையும் சேத்து மாத்திட்டாங்களா?” என்றாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதுதான். மாத்திரை போட்டுக்கிட்டுத் தலை சுத்துற மனுசன் காலையில இங்கிலீஷ் பேப்பர்ல குறுக்கெழுத்து முழுசும் போட்டாரு. அதுதான் தெரியும்.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தேன். புது முட்டி அதற்கும் விடவில்லை.

மாலை ஏழு மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். பிறகு,

“சார், நான் அனுப்புன மெயிலை அப்படியே அனுப்புனீயளா?”

“சாராம்சத்தை அனுப்புனேன்மா.”

“சாராம்சத்துல எது விட்டுப்போச்சு?”

காலுக்கு அடியில் இருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டேன்.

“நாலு வரியும் போச்சு, இல்லையா சார்?”

“உன் நல்லதுக்குத்தாம்மா... அதெல்லாம் போட்டா உனக்குக் குடுத்திருக்க மாட்டாங்க.”

“குடுக்காட்டா என்ன சார்? நான் என் சீட்ல இருந்திருப்பேன். இப்பம் எல்லாரு முன்னாடியும் பொய்க்காரியா நிக்கேன்.” குரல் உயரவில்லை. புகார் பதியும்போது பேசுவாரே, அதே குரல். “அந்த நாலு வரிய நம்பித்தான் சார் நான் கையத் தூக்குனேன். அது இல்லைன்னா நான் ஒத்துக்கிட்டதே வேற வேலை.”

“இப்போ என்ன செய்யலாம்னு சொல்ற?”

“என்கிட்ட அந்த மெயில் இருக்கு. இப்பமே ஹெட்டுக்கு அனுப்ப எனக்கு ஒரு நிமிசம் போதும். ஆனா நான் அனுப்புனா, மேலாளரப் பத்திக் கீழ இருக்கவ கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீங்க அனுப்புனா அது திருத்தம். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் பாப்பேன் சார். அதுக்கு மேல நானே அனுப்பிருவேன். உங்க மரியாதைக்காகக் காக்கேன்னு நெனைக்காதீய. என் வேலைக்கு எது நல்லதோ அதைச் செய்யுதேன்.”

வைத்துவிட்டார். நாற்பத்துச் சொச்சம் குறைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மடிக்கணினியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு எழுதினேன். ‘கவனக்குறைவால் அவருடைய மின்னஞ்சலின் ஒரு பகுதி என் பரிந்துரையில் விடுபட்டுவிட்டது; இப்போது முழுவதும் இணைத்திருக்கிறேன்.’ பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது. கவனக்குறைவு! கத்தரிக்கோலை எடுத்துக் கவனமாக வெட்டிய கை அது.

பத்தரைக்கு ஹெட் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மாலை ஷிப்டுக்காரருக்கும் பதில் போட்டார். சார்ஜியின் உடல்நிலையில் இது சகஜம். ஆனால் பொறுப்பைக் கொடுத்தபோது இந்த எல்லைகள் நிர்வாகத்துக்குத் தெரியாது, எனவே அவை செல்லாது. இன்று மாலைக்குள் குறைகளை முடிக்க வேண்டும், அல்லது மாலை ஷிப்டுக்காரர் பொறுப்பை ஏற்று முடிப்பார். இதுதான் சாரம்.

பாதி உண்மை செய்த வேலை அது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வரிகள் ஏன் இருந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குச் சீக்கிரம் போக நினைக்கும் ஒரு பெண்ணின் சௌகரியப் பட்டியலாகத்தான் அது தெரிந்தது. உண்மைக் காரணத்தைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் சொல்லாவிட்டால் பீகார்க்காரர் மாலையில் உட்கார்ந்து நாற்பத்துச் சொச்சம் தடவை ஒரு பொத்தானை அழுத்துவார். அவருக்கும் அந்தப் பயிற்சி கிடையாது. நானே கொடுக்காத பயிற்சி.

மனைவியிடம், “ஒரு ஆட்டோ பிடிக்கணும்,” என்றேன்.

“டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாதுன்னாரு.”

“அங்க லிப்ட் இருக்கு.”

“அது என்னைக்கு ஓடுச்சு?” என்றாள். ஆனால் வாக்கரை எடுத்து வந்து நீட்டினாள். கூடவே கிளம்பினாள்.

ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ள இடம் போதவில்லை. மனைவி ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு என் குதிகாலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வேகத்தடை வரும்போதெல்லாம் ஓட்டுநரிடம், “பையா, தீரே, தீரே,” என்று மெதுவாகப் போகச் சொன்னாள். நாற்பது வருடத் தில்லி வாழ்க்கையில் அவள் இந்தியில் அதிகாரம் செய்த நாட்கள் குறைவு. அன்று செய்தாள். லிப்ட் ஓடியது.

ஹெட்டின் அறை கண்ணாடி அறை. வாக்கரோடு நான் நுழைந்ததைப் பார்த்து அவர் பதறிப்போய் எழுந்தார். அந்தப் பெண்ணையும் மாலை ஷிப்டுக்காரரையும் கூப்பிடச் சொன்னேன். பீகார்க்காரர் அன்று சீக்கிரமே வந்திருந்தார். இருவரும் வந்து நின்றார்கள். நாற்காலியைக் காட்டினார்கள். காலை மடக்க வேண்டுமே என்று நின்றுகொண்டேயிருந்தேன்.

இந்தியில் சொன்னேன். எனக்கு உணர்ச்சிவசப்பட்டுப் பேச வராத மொழி அது. அதனால் நேராக வந்தது. அது கவனக்குறைவு இல்லை. வேண்டுமென்றே நீக்கினேன். பயிற்சிக் குறிப்பு தயாராகிறது என்று இரண்டு தடவை எழுதினேன். அப்படி ஒன்று கிடையாது. இந்தக் குறைகளை முடிக்க என்னைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது, தெரிய விடாதவன் நான். இவர் எழுதியது சௌகரியம் இல்லை. தெரியாத வேலையைத் தெரியாது என்று எழுதினார். அதை நீங்கள் படித்திருந்தால் அக்டோபரிலேயே வேறு ஏற்பாடு செய்திருப்பீர்கள். நேற்றுப் போனில் ஞாபகமில்லை என்று நான் சொன்னதும் பொய்.

ஹெட் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

“சார்ஜி, இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்.”

“நாளைக்கு துறைக்காரங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

அதற்கு அந்தப் பெண்தான் பேசினார். இந்தியில், சுருக்கமாக. “நாற்பத்து மூணு பாக்கின்னு சொல்லுங்க சார். பாக்கிதான் அது. முடிச்சதா காட்டினா அடுத்த மாசம் அதே ஆளுங்க திரும்பக் கூப்பிடுவாங்க, அப்போ புதுப் புகாரா ஏறும். ஒவ்வொண்ணும் எதுக்காக நிக்குதுன்னு நான் ஒரு தாள் போட்டு வெச்சிருக்கேன்.”

தாளைக் கொடுத்தார். மூன்று பக்கம். பீகார்க்காரர் எட்டிப் பார்த்தார். “மேடம், இதை வெச்சுக்கிட்டா நேத்து முழுக்கத் திட்டு வாங்கினீங்க?” என்றார்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன் பையா. யாரும் கேக்கலை.”

அந்தப் பேச்சு ஹெட்டைச் சுட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும் தகுதி எனக்கு அப்போது இல்லை.

அன்றே ஏற்பாடு மாறியது. பொறுப்புத் தலைவர் அவரே. நான்கு எல்லைகளும் ஆணையில் எழுதப்பட்டன. ஆறு மணிக்கு மேல் பீகார்க்காரர். விதிக் குறைகளைத் தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டிலிருந்தே வீடியோவில் நான் பார்த்து முடிக்க வேண்டும். ஆய்வில் பாக்கி பாக்கியாகவே காட்டப்பட்டது. துறைக்காரர்கள் கடுகடுத்தார்களாம். ஒப்பந்த விதிப்படி எங்கள் மையத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் யாருடைய பெயரும் இல்லை. என் பெயர் இருந்திருக்க வேண்டும்.

வீடியோவில் அந்த நாற்பத்து மூன்றையும் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பதினேழு குறைகளை முடித்திருக்கவே கூடாது. வங்கியின் பதில் தவறு. அவர் அழுத்தாத பொத்தான் பதினேழு வீடுகளின் ஓய்வூதியத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். “சரி சார், அடுத்த நம்பர் போடுதேன்,” என்றார். பாராட்டை வாங்கிக்கொள்ள அவர் தயாராக இல்லை, என்னிடமிருந்து மட்டும்.

நான் திரும்பிய நாளில் பொறுப்பை ஒப்படைக்க அவர் ஒரு கோப்போடு வந்தார். அட்டவணை, நிலுவை, யார் யாருக்கு விடுமுறை பாக்கி என்று எல்லாம் வரிசையாக இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவருடைய நான்காவது வரி சொன்னபடியே பொறுப்பு முடிந்தது என்று, காலையிலேயே தன் போனைப் பழைய சீட்டுக்கு மாற்றியிருந்தார்.

“உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா,” என்றேன்.

“என்கிட்ட மட்டும் கேட்டாப் போதாது சார். எல்லாரு முன்னாடியும்தான என்னைப் பொய்க்காரின்னாவ? கண்ணாடி ரூமுக்குள்ள நீங்க சொன்னது வெளிய ஏழு பேருக்குத் தெரியாது.”

அவர் சொன்னது சரி. நான் அதை நினைக்கவே இல்லை. வாக்கரோடு வந்து நின்றதிலேயே என் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒன்பது பேர் முன்னால் சொன்னேன். கவனக்குறைவு, உடல்நிலை, சாராம்சம் என்ற சொற்கள் எதுவும் இல்லாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒருவர், “அப்போ சார், போன வருஷங்கள்ல நாங்க உங்ககிட்ட அனுப்பினதெல்லாம்?” என்று கேட்டார். அவற்றை நான் சரியாகத்தான் பார்த்தேன் என்றேன். அவர் தலையாட்டிய விதத்திலிருந்து நம்பவில்லை என்று தெரிந்தது. நம்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

“பயிற்சி எப்பம் சார்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“திங்கள்கிழமை. மூணு மணிக்கு.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு மேசை அருகே நின்றார்.

“இன்னொண்ணு சார். இனிமே ஹெட்டுக்குப் போக வேண்டியதை நானே நேரா அனுப்பிருவேன். உங்களுக்கு ஒரு நகல் வரும்.”

ஒரு மேலாளரிடம் இப்படிச் சொல்வதற்கு எங்கள் காலத்தில் ‘கீழ்ப்படியாமை’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“அப்படியே செய்மா,” என்றேன்.

“ஹெட்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்லா, அதான்.”

தன் சீட்டுக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அடுத்த அழைப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு முதியவர், எங்கிருந்தோ ஆரம்பித்திருக்க வேண்டும். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் அறைக்குப் போய், ஏப்ரலில் எழுதியிருக்க வேண்டிய குறிப்பின் முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.